தாத்தா பாட்டிக்கு ஒன்று, பதின்ம வயதினருக்கு ஒன்று: ஒரே அறிவிப்பை எப்படி எழுதுவது?

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போகிறார்கள். எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டும். வழக்கமாக அது இப்படித்தான் எழுதப்படுகிறது:

"குடியிருப்பின் மேல்நிலை நீர்த்தொட்டியைத் தூய்மைப்படுத்தும் பணி வருகிற 14-ஆம் தேதி சனிக்கிழமை காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மேற்கொள்ளப்படவிருப்பதால், அந்த நேரத்தில் நீர் விநியோகம் நிறுத்தி வைக்கப்படும் ஆதலால், தேவையான நீரை முன்னதாகவே சேமித்து வைத்துக்கொள்ளுமாறும், அந்நேரத்தில் தண்ணீர் சூடேற்றும் கருவிகளை இயக்குவதையும் குழாய்களைத் திறந்த நிலையில் விட்டுவைப்பதையும் தவிர்க்குமாறும், பணி நிறைவடைந்த பின் முதல் 10 நிமிடங்களுக்கு வரும் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம் எனவும் குடியிருப்போர் அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

ஐம்பது சொல்லுக்கு மேல். ஒரே வாக்கியம். இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, தேவையான தகவல் எல்லாம் இருக்கிறது. ஆனால் எழுபது வயதுக்காரர் ஒருமுறை படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டார். பதினைந்து வயதுக்காரர் இரண்டாவது வரியைத் தாண்ட மாட்டார்.

இதைத் திருத்தி எழுத உட்காரும்போது மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவாக, எளிமையாக ஒன்றே ஒன்று எழுதலாம். பெரியவர்களுக்கும் இளையவர்களுக்கும் தனித்தனியாக இரண்டு எழுதலாம். அல்லது ஒன்றை முழுதாக எழுதி, அதிலிருந்து மற்றதை வெட்டி எடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, இந்த இரண்டு வாசகர்களுக்கும் உண்மையில் எங்கே இடறுகிறது என்பதைப் பொறுத்தது. அதில் பலரும் நம்புகிற ஒரு விஷயம் சரியில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வாக்கியத்தின் நீளமா, பின்னலா?

"வயதானவர்களுக்கு எழுதும்போது சின்னச் சின்ன வாக்கியமாக, சுலபமான சொல்லாக எழுது" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. பாதிதான் சரி.

முதலில் சொல்வளம். வயது ஏறும்போது ஒருவருக்குத் தெரிந்த சொற்களின் எண்ணிக்கை குறைவதில்லை. ஆரோக்கியமாக இருப்பவர்களிடம் அது முதுமையிலும் நிலைத்து நிற்கிறது, பலரிடம் கூடவும் செய்கிறது. "விநியோகம்" என்றால் என்னவென்று பாட்டிக்குத் தெரியும். பேரனுக்குத்தான் சற்றுச் சந்தேகம். வயதோடு குறைவது வேறொன்று: படித்ததை மனதில் தாங்கிக்கொண்டே அடுத்ததையும் படிக்கும் திறன். முதல் பாதியை நினைவில் வைத்தபடி இரண்டாம் பாதி வரை காத்திருக்கச் சொல்லும் வாக்கியம்தான் அவர்களைக் களைப்படையச் செய்கிறது.

தமிழில் இது சாதாரணச் சிக்கல் இல்லை. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பெயருக்கு முன்னால் எத்தனை அடைமொழி வேண்டுமானாலும் அடுக்கலாம். "-ஆல்", "-உம்", "-ஆறும்" என்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகலாம். என்ன நடக்கப் போகிறது, யார் என்ன செய்ய வேண்டும் என்பது கடைசிச் சொல் வரும்வரை முடிவாவதில்லை. மேலே உள்ள அறிவிப்பில் "தண்ணீரைச் சேமியுங்கள்" என்ற கோரிக்கை "வைத்துக்கொள்ளுமாறும்" என்று பாதி வழியில் தொங்குகிறது. அது யாரிடம் கேட்கப்படுகிறது என்பது இருபத்தைந்து சொல் தள்ளித்தான் தெரிகிறது. முதியவர்கள் சிரமப்படுவது இந்தத் தொங்கலில்தான்.

1999-இல் சூசன் கெம்பர், டமரா ஹார்டன் என்ற ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். முதியவர்களுக்கு வாய்வழியாகக் குறிப்புகளைத் தந்தபோது, எந்தெந்த மாற்றம் உண்மையில் உதவுகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். வாக்கியத்துக்குள் வாக்கியத்தைச் செருகுவதைக் குறைத்தது உதவியது. சொன்னதைக் கொஞ்சம் விரித்து விளக்கியதும் உதவியது. வாக்கியங்களை வெறுமனே குட்டையாக்கியதும், மெதுவாகப் பேசியதும், கீச்சுக் குரலில் பேசியதும் உதவவில்லை. அது பேச்சைப் பற்றிய ஆய்வு, அதுவும் வேறொரு மொழியில். இருந்தாலும் எழுதுகிறவருக்கு அதில் ஒரு தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. அவிழ்க்க வேண்டியது பின்னலை. நீளம் அதற்கு அடுத்ததுதான்.

இந்த இடத்தில் வாசிப்பு எளிமையை அளக்கும் சூத்திரங்களை நம்பி இறங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் தந்த புகழ்பெற்ற அளவுகோல் இரண்டையே பார்க்கிறது: வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை உச்சரிப்பு அசை, அதாவது சிலபிள். ஆங்கிலத்துக்காகச் செய்தது. தமிழில் விகுதிகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அசைக் கணக்கு எதையும் பிரித்துக் காட்டாது. "வைத்துக்கொள்ளுங்கள்" என்பதை உச்சரித்துப் பாருங்கள், ஐந்து அசை. "மேற்கொள்ளப்படும்" என்பதும் ஐந்துதான். முதலாவது வீட்டில் தினமும் காதில் விழுவது. இரண்டாவதை யாரும் வீட்டில் பேசுவதே இல்லை.

பதின்ம வயதினருக்கு நிலைமை தலைகீழ். வாக்கியத்தைத் தாங்கிப் பிடிக்கும் திறன் அவர்களிடம் நன்றாகவே இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் இதைவிடச் சிக்கலானதைப் படிக்கிறார்கள். ஆனால் அறிவிப்பு நடைக்கு அவர்கள் பழகவில்லை. "ஆதலால்", "அந்நேரத்தில்", "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" எல்லாம் பார்த்தவுடனே "இது எனக்கு இல்லை" என்று சொல்லிவிடுகின்றன. கைப்பேசித் திரையில் செய்தி வந்து விழும்போது முதல் ஒரு வரிதான் கண்ணில் படுகிறது. அந்த வரியில் தங்களைத் தொடுகிற விஷயம் எதுவும் இல்லையென்றால் திறப்பதே இல்லை. அவர்களிடம் நாம் ஜெயிக்க வேண்டியது முதல் வரியில்.

ஆக, ஒருவருக்குப் பின்னல் பிரச்சினை, இன்னொருவருக்கு முதல் வரி பிரச்சினை. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்ப்போம்.

எல்லோருக்கும் ஒன்றே போதுமா?

பல நேரங்களில் போதும். "சனிக்கிழமை லிஃப்ட் வேலை செய்யாது" என்பதைத் தாத்தாவுக்கு ஒரு மாதிரி, பேத்திக்கு ஒரு மாதிரி எழுத எதுவுமில்லை. தகவல் இரண்டு மூன்றுக்குள் இருந்து, அதற்காக யாரும் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றால் ஒன்றை நன்றாக எழுதுவதே நல்லது.

ஒரே அறிவிப்புக்குச் சாதகமான பெரிய காரணம், தகவல் மாறுபடாமல் இருப்பது. வீட்டில் தாத்தா ஒரு நேரமும் பேரன் வேறொரு நேரமும் சொன்னால் இருவருமே அறிவிப்பை நம்ப மாட்டார்கள். அறிவிப்பைப் பேணுவதும் எளிது. தேதி தள்ளிப்போனால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

அது சறுக்குவது தண்ணீர்த் தொட்டி மாதிரி விஷயத்தில். இங்கே செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை என்று நான்கு இருக்கின்றன. அவை மூன்று வெவ்வேறு நேரத்தில் வருகின்றன: முந்தைய நாள் இரவு, தண்ணீர் இல்லாத நேரம், தண்ணீர் திரும்பி வந்த பிறகு. பெரியவர்களுக்குத் தேவையான விளக்கத்தைச் சேர்த்தால் இளையவர்களுக்கு நீண்டுவிடுகிறது. இளையவர்களுக்காகச் சுருக்கினால் பெரியவர்களுக்குக் காரணம் இல்லாத கட்டளைகளாக நிற்கிறது. நடுவில் நிறுத்தினால் இரண்டு பேருக்கும் அரைகுறையாக முடிகிறது.

தனித்தனியாக இரண்டு எழுதினால்

இதுதான் கவனமாக இருக்க வேண்டிய வழி. மூல அறிவிப்பை ஒருவர் பெரியவர்களுக்காகவும் இன்னொருவர் இளையவர்களுக்காகவும் மாற்றி எழுதுகிறார்கள் என்று வையுங்கள். இரண்டும் தனியாகப் பார்க்க அழகாக இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும்.

தொட்டி அறிவிப்பில் அந்த ஓட்டை எங்கே விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: அந்த "முதல் 10 நிமிடங்கள்". மூலத்தில் "பணி நிறைவடைந்த பின் முதல் 10 நிமிடங்களுக்கு வரும் நீர்" என்று இருக்கிறது. இதை ஒருவர் "4 மணி முதல் 4:10 வரை குடிக்காதீர்கள்" என்று எழுதுவார். இன்னொருவர் "குழாயைத் திறந்ததும் 10 நிமிடம் ஓடவிடுங்கள்" என்று எழுதுவார். இரண்டும் ஒன்றில்லை. தொட்டியைக் கழுவிய பிறகு கிருமிநாசினி போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் குழாய்களுக்குள்ளும் இறங்கித் தங்குகிறது. இரவு 7 மணிக்கு வீட்டுக்கு வந்து முதன்முதலாகக் குழாயைத் திறப்பவருக்கும் முதலில் வருவது அதே தண்ணீர்தான். கடிகாரத்தைப் பார்த்து "4:10 தாண்டிவிட்டது" என்று அவர் குடித்துவிடுவார்.

திருத்தி எழுதுவதில் உள்ள ஒரு பெரிய பயன் இங்கே தெரிகிறது. எளிமையாகச் சொல்ல முயலும்போதுதான் மூலம் இரண்டு பொருள் தருவது வெளிப்படுகிறது. நீண்ட வாக்கியம் அதை மறைத்து வைத்திருந்தது. அப்படி ஒன்று தட்டுப்பட்டால் நீங்களாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வேலையைச் செய்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, இரண்டு வடிவத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

தனித்தனியாக எழுதுவதில் இன்னொரு ஆபத்து, தொனி. பெரியவர்களுக்கு என்று சொன்னாலே சிலருடைய கை குழந்தைக்கு எழுதுவதுபோல் மாறிவிடுகிறது. "கவலைப்படாதீங்க தாத்தா, ரொம்ப சுலபம்தான்" என்று தொடங்குகிறார்கள். வாழ்நாள் முழுக்கக் குடும்பத்தை நடத்தியவரிடம் தண்ணீர் பிடித்து வைப்பது சுலபம் என்று தைரியம் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்கள் பக்கம் இதே தவறு வேறு வேடத்தில் வருகிறது. அவர்கள் பேச்சில் புழங்கும் புதுச் சொற்களை இரண்டு மூன்று எடுத்துச் செருகுகிறார்கள். அந்தச் சொற்கள் ஓராண்டுக்குள் பழசாகிவிடும். பழசாகாவிட்டாலும், எழுதியவர் தங்கள் வயதுக்காரர் இல்லை என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பதின்ம வயதினருக்கு எழுதுவதற்கு அவர்களுடைய சொற்கள் தேவையில்லை. வீட்டில் எல்லோரும் பேசும் சொற்கள் போதும்.

ஒன்றை எழுதி, அதிலிருந்து வெட்டுவது

நான் தேர்ந்தெடுப்பது இதை. இரண்டு வடிவம் உண்மையில் தேவைப்படும்போது, பெரியவர்களுக்கானதை முதலில் முழுதாக எழுதி, இளையவர்களுக்கானதை அதிலிருந்து வெட்டி எடுப்பதுதான் பாதுகாப்பு. எதிர்த் திசையில் போனால், அதாவது சுருக்கமானதை முதலில் எழுதிப் பிறகு விரித்தால், விரிக்கும்போது புதுத் தகவல் நுழைந்துவிடும். வெட்டும்போது நுழைய வழியில்லை. விடுபட்டுப் போகலாம், ஆனால் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது எளிது.

எழுதுவதற்கு முன் தகவல்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அறிவிப்பில் அவை ஆறு. 14-ஆம் தேதி சனிக்கிழமை தொட்டி கழுவுகிறார்கள். காலை 8 முதல் மாலை 4 வரை தண்ணீர் வராது. முன்பே தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். ஹீட்டர் போடக்கூடாது. குழாயைத் திறந்து விட்டுவைக்கக்கூடாது. வேலை செய்பவரிடம் கேட்டு உறுதி செய்தபடி, திரும்ப வரும் தண்ணீரைக் குழாய் திறந்த முதல் 10 நிமிடம் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. இந்த ஆறுதான் இரண்டு வடிவத்துக்கும் பொதுச் சொத்து. எதை எழுதினாலும் கடைசியில் இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது பெரியவர்களுக்கானது:

"வணக்கம். வருகிற சனிக்கிழமை, 14-ஆம் தேதி, மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போகிறோம்.

அன்று காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை குழாயில் தண்ணீர் வராது. அதனால் வெள்ளிக்கிழமை இரவே உங்களுக்கு வேண்டிய தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இல்லாத நேரத்தில் ஹீட்டர் போடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அது கெட்டுப்போகலாம். தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்தால் மறக்காமல் மூடிவிடுங்கள். மூடாவிட்டால், தண்ணீர் திரும்ப வரும்போது வழிந்து ஓடும்.

மாலை 4 மணிக்கு மேல் தண்ணீர் வரும். தொட்டியில் போட்ட கிருமிநாசினி அதில் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால் குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் குழாயை முதல்முறை திறக்கும்போது 10 நிமிடம் ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு வருவதைக் குடிக்கலாம், சமைக்கலாம்."

மூலத்தைவிட இது நீளம். அது சரிதான். பெரியவர்களுக்கான வடிவம் குட்டையாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இதில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு செயலும் தன் வினைமுற்றோடு அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்த வாக்கியத்துக்கு எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. "அதனால்" என்ற சொல்லை நான் வேண்டுமென்றே இரண்டு முறை வைத்திருக்கிறேன். வாக்கியங்களைச் சின்னதாக உடைக்கிறவர்கள் முதலில் தூக்கி எறிவது இந்த இணைப்புச் சொற்களைத்தான். அவை போய்விட்டால் "தண்ணீர் வராது. பிடித்து வைக்கவும். ஹீட்டர் கூடாது." என்று கட்டளைகள் மட்டும் மிஞ்சும். ஏன் என்பதை வாசகரே ஊகிக்க வேண்டியிருக்கும். காரணம் தெரிந்தால் கட்டளை நினைவில் நிற்கும். மறந்துபோனாலும் காரணத்திலிருந்து மீட்டெடுக்க முடியும்.

நிகழும் வரிசையிலேயே எழுதியிருப்பதையும் கவனியுங்கள். வெள்ளி இரவு, சனி பகல், சனி மாலை. "கழுவிய பிறகு வரும் தண்ணீரைக் குடிப்பதற்கு முன்" என்று முன்னும் பின்னும் மாறிமாறிப் போனால் மனதில் மறுபடி அடுக்கிப் பார்க்க வேண்டும். "மேற்கொள்ளப்படும்" போய் "கழுவப் போகிறோம்" வந்திருப்பதும் முக்கியம். யார் செய்கிறார்கள் என்பது தெரிந்தால், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்பதும் தெரியும்.

சொற்களில் நான் அதிகம் மாற்றவில்லை. "ஹீட்டர்" என்றுதான் எழுதியிருக்கிறேன். "தண்ணீர் சூடேற்றும் கருவி" என்று எழுதினால் பெரியவர்களுக்கு எளிதாகும் என்று நினைப்பது தவறு. வீட்டில் அதை எப்படிச் சொல்கிறார்களோ அதுவே எளிய சொல். பெரியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியது வேறு வகை: "லிங்க்கைத் திறக்கவும்", "ஸ்கேன் செய்யவும்" போன்றவை. அங்கே சொல்லை மாற்றினால் போதாது, வழியையே மாற்ற வேண்டும். ஒரு தொலைபேசி எண்ணையோ, நேரில் கேட்கக்கூடிய ஆளையோ தர வேண்டும்.

இனி வெட்டுவோம்:

"சனிக்கிழமை (14) காலை 8 மணிக்கு முன்பே குளித்துவிடுங்கள்.

8 மணியிலிருந்து மாலை 4 மணி வரை தண்ணீர் வராது. டேங்க் கழுவுகிறார்கள். வேண்டிய தண்ணீரை வெள்ளி இரவே பிடித்து வையுங்கள்.

ஹீட்டர் போடாதீர்கள், கெட்டுப்போகலாம். குழாயைத் திறந்தால் மூடிவிடுங்கள்.

4 மணிக்கு அப்புறம் குழாயை முதலில் திறக்கும்போது 10 நிமிடம் ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரில் கிருமிநாசினி இருக்கும். குடிக்க, சமைக்க வேண்டாம்."

ஆறு தகவலும் இருக்கின்றன. முதல் வரி மட்டும் பெரியவர்களுக்கான வடிவத்தில் இல்லாதது. ஆனால் அது புதுத் தகவலும் இல்லை. "8 மணிக்குத் தண்ணீர் நிற்கும்" என்பதன் விளைவு. விடுமுறை நாளில் தாமதமாக எழும் ஒருவருக்கு அந்த அறிவிப்பு எந்த இடத்தில் உறைக்குமோ அந்த இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். வெட்டுகிறவருக்கு நான் அனுமதிக்கும் ஒரே கூடுதல் இதுதான்: ஏற்கெனவே உள்ள தகவலை வாசகரின் அன்றாடத்தில் வைத்துச் சொல்வது. காரணங்கள் ஓரிரு சொல்லாகச் சுருங்கியிருக்கின்றன. குழாய்க்குக் காரணமே சொல்லவில்லை, அது அவர்களுக்குத் தெரியும். கிருமிநாசினிக்கான காரணத்தை மட்டும் விடவில்லை. உடம்பைப் பாதிக்கக்கூடிய விஷயத்தில் காரணத்தை வெட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் சொல்லாத எச்சரிக்கையைத்தான் இந்த வயதில் முதலில் மீறிப் பார்ப்பார்கள்.

பேச்சு நடையில் எழுதலாமா?

இளையவர்களுக்கான வடிவத்தில் "குளிச்சிடுங்க", "தண்ணி வராது", "போடாதீங்க" என்று எழுதினால் இன்னும் நெருக்கமாக இருக்காதா என்று கேட்பார்கள். சில இடத்தில் இருக்கும். அனுப்புகிறவர் அவர்களுக்கு நேரில் தெரிந்தவர், செய்தி அவருடைய சொந்தக் கைப்பேசியிலிருந்து போகிறது என்றால் பேச்சு நடைதான் இயல்பு. அங்கே "குளித்துவிடுங்கள்" விறைப்பாகத் தெரியும்.

பெயரில்லாத ஒரு குழுவின் சார்பில் போகும் அறிவிப்பு என்றால் நான் எழுத்து நடையின் விகுதிகளையே வைத்துக்கொள்வேன். பேச்சுத் தமிழுக்கு எழுத்துக்கூட்டல் நிலைப்படவில்லை. ஒருவர் "வச்சுக்கோங்க" என்று எழுதுவதை இன்னொருவர் "வெச்சிக்குங்க" என்று எழுதுகிறார். படிக்கிறவர் வேறு வட்டார வழக்குக்காரராக இருந்தால் ஒரு நொடி நின்று உச்சரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். வாக்கியம் குட்டையாகவும் சொல் புழக்கத்தில் உள்ளதாகவும் இருந்தால், விகுதி எழுத்து நடையில் இருப்பது யாரையும் தடுப்பதில்லை. பெரியவர்களுக்கான வடிவத்தில் பேச்சு நடை வேண்டவே வேண்டாம். அச்செழுத்தில் படித்தே பழகிய கண்ணுக்குப் பேச்சு எழுத்துக்கூட்டல்தான் மெதுவாகப் படிக்க வைக்கும்.

மரியாதை இரண்டு பேருக்கும் ஒன்றே. பதினைந்து வயதானாலும் "நீங்கள்"தான். "மூடு", "குளி" என்று ஒருமையில் எழுதினால் அதட்டலாகிவிடும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது

எழுதியதை ஒரு பெரியவரிடமும் ஒரு பதின்ம வயதினரிடமும் கொடுத்துப் பாருங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள். இரண்டு பேருமே "புரிகிறது" என்றுதான் சொல்வார்கள், ஒருவர் மரியாதைக்காக, மற்றவர் ஆளை விடுங்கள் என்பதற்காக. தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை இரவு என்ன செய்வீர்கள்?", "சனிக்கிழமை இரவு 7 மணிக்கு வீட்டுக்கு வந்து குழாயைத் திறக்கிறீர்கள், உடனே குடிக்கலாமா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மூல அறிவிப்பைப் படித்தவர் தடுமாறுவார். அதே கேள்விக்கு உங்கள் வடிவத்தைப் படித்தவர் தயங்காமல் பதில் சொன்னால் வேலை முடிந்தது.

பெரியவர்களுக்கான வடிவத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. உரக்கப் படியுங்கள். பல வீடுகளில் அதைப் பேரக்குழந்தை படித்துக் காட்டத்தான் போகிறது. படிக்கும்போது நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தாலோ, வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கண் திரும்பினாலோ அங்கே இன்னும் ஒரு பின்னல் மிச்சமிருக்கிறது. தாளில் அச்சடித்து ஒட்டுவதாக இருந்தால் எழுத்தின் அளவு 14 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். நேரத்தை "8–4" என்று கோடு போட்டு எழுதாமல் "காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை" என்றே எழுதுங்கள்.

இரண்டு வடிவத்துக்கும் பொதுவான ஒரு எச்சரிக்கை: "நாளை", "இன்று இரவு" என்று எழுத வேண்டாம். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, அவர் மறுநாள் பார்க்கும்போது "நாளை" வேறு நாளாகிவிடுகிறது. கிழமையும் தேதியும் சேர்ந்தே வரட்டும். தேதி மாறினால், முதலில் அந்த ஆறு தகவல் தாளைத் திருத்துங்கள். பிறகு பெரியவர்களுக்கானதை, அதன் பிறகு வெட்டிய வடிவத்தை. வேறு வரிசையில் திருத்தினால் ஏதோ ஒன்றில் பழைய தேதி தங்கிவிடும். அது பெரும்பாலும் இளையவர்களுக்கான வடிவத்தின் முதல் வரியிலேயே இருக்கும், எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான்.

இரண்டாகப் பிரிக்கவே கூடாத அறிவிப்புகளும் இருக்கின்றன. தீ, வாயுக் கசிவு மாதிரி உடனே வெளியேறச் சொல்பவை ஒன்று. அங்கே எல்லோரும் ஒரே சொற்களைக் கேட்டு ஒரே நேரத்தில் நகர வேண்டும். சட்டப்படி இன்ன சொற்களில்தான் இருக்க வேண்டும் என்று விதித்தவை இன்னொன்று. அவற்றை மாற்றி எழுதாமல் அப்படியே ஒட்டிவிட்டு, பக்கத்தில் பெரியவர்களுக்கான நடையில் ஒரு விளக்கக் குறிப்பை மட்டும் வையுங்கள். இளையவர்களும் அதையே படித்துக்கொள்வார்கள்.